28 கிலோ பேனல், 350 கிலோ காற்று

மொட்டை மாடியில் சோலார் போட வருகிறவர்கள் ஒரு பேனலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படி வழியாகவே ஏற்றிவிடுகிறார்கள். இப்போது வீடுகளுக்கு வரும் 540 வாட் பேனல் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். எடை சுமார் 28 கிலோதான். மூன்று கிலோவாட் அமைப்புக்கு ஆறு பேனல் போதும். ஆறும் சேர்ந்தால் 168 கிலோ. தாங்கும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்தால் 270 கிலோவை எட்டும்.

வீட்டுக்காரர் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "இவ்வளவு வெயிட்டைத் தளம் தாங்குமா?" என்பது. தாராளமாகத் தாங்கும். ஆள் நடமாடும் மொட்டை மாடி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும் என்பது இந்தியக் கட்டட விதி. பேனலும் சட்டமும் பரந்து உட்காரும்போது அதில் எட்டில் ஒரு பங்குகூட வராது.

அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. புயல் அடிக்கும் நாளில் இந்தப் பேனல் மேலே போகாமல் எது பிடித்துவைக்கும்? சென்னையில் விதிப்படி கணக்கில் எடுக்க வேண்டிய காற்று வீசினால், பத்து டிகிரி சாய்வில் நிற்கும் இந்த 28 கிலோ பேனலை அது ஏறத்தாழ 350 கிலோ விசையோடு மேல்நோக்கித் தூக்கும். ரெயில், கிளாம்ப், போல்ட், கால், கான்கிரீட் எல்லாமே அந்த 350 கிலோவுக்காகத்தான். பேனலின் எடையைத் தாங்குவது மட்டும்தான் வேலை என்றால் நாலு செங்கல் போதும்.

வேகம் கொஞ்சம், விசை நிறைய

எந்த ஊரில் எவ்வளவு காற்றுக்குக் கட்ட வேண்டும் என்பதை ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி சொல்கிறது. அதன்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். இது நாள் முழுக்க வீசும் காற்றின் வேகம் அல்ல. திறந்தவெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் மூன்று நொடி நேரம் அறையும் வீச்சு. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கது என்ற கணக்கில் வகுக்கப்பட்டது.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதனாலேயே பெருக்கி, மறுபடி 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். சென்னைக்கு 1,500 நியூட்டன் வருகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 153 கிலோ. மதுரைக்கு 93 கிலோ. இரண்டு ஊரின் காற்று வேகத்துக்கும் இடையே வித்தியாசம் 28 விழுக்காடுதான். விசையிலோ அது 64 விழுக்காடு ஆகிவிடுகிறது. மதுரையில் பத்து வருடம் அசையாமல் நின்ற அதே வடிவமைப்பைச் சென்னையிலும் அப்படியே போடலாம் என்று யாராவது சொன்னால் அது செல்லாது.

"வர்தாவுக்கே நின்ற ஸ்ட்ரக்சர் சார் இது" என்ற பேச்சையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலில் காற்று மணிக்கு 120 கி.மீ. அளவில் வீசியது. நகரெங்கும் மரங்களைச் சாய்த்த அந்தக் காற்று, விதி சொல்லும் 180 கி.மீ. வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. விசையில் பார்த்தால் பாதிக்கும் குறைவு. வர்தாவில் நின்றது நல்ல செய்திதான். ஆனால் முழுத் தேர்வு இன்னும் முடியவில்லை.

வடக்கிலிருந்து வரும் முதல் அடி

தமிழ்நாட்டில் பேனல்கள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். தெற்கு ஓரம் தாழ்ந்து, வடக்கு ஓரம் உயர்ந்து நிற்கும். தெற்கிலிருந்து வரும் காற்று கண்ணாடியை அமுக்குகிறது, அதனால் பெரிய ஆபத்து இல்லை. வடக்கிலிருந்து வரும் காற்று உயர்ந்த பின்பக்கம் வழியாகப் பேனலின் அடியில் புகுந்து மேலே தள்ளுகிறது. அதே நேரத்தில் மேல் பரப்பைத் தாண்டிப் போகும் காற்று அங்கே உறிஞ்சலை உண்டாக்குகிறது. அடியிலிருந்து தள்ளல், மேலிருந்து இழுப்பு. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துவிடுகின்றன.

வங்கக் கடல் புயல்கள் இந்தப் பலவீனமான பக்கத்தைத்தான் முதலில் தாக்குகின்றன. நம் அரைக்கோளத்தில் புயலைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. புயல் கரைக்குக் கிழக்கே கடலில் இருக்கும்போது கரையோர ஊர்களில் காற்று வடக்கிலிருந்து வீசும். நெருங்க நெருங்க அது வலுக்கும். புயலின் கண் கடந்த பிறகு காற்று தெற்குப் பக்கமாகத் திரும்பும். ஆக, முதல் சில மணி நேரம் பேனலின் அடிப்பக்கத்தில் அடித்து போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, பிறகு எதிர்த்திசையிலிருந்து ஆட்டிப் பார்க்கிறது.

மாடியில் எந்த இடத்தில் பேனல் இருக்கிறது என்பதும் முக்கியம். காற்று கட்டடத்தின் மூலையில் கோணலாக மோதும்போது அந்த மூலையிலிருந்து இரண்டு சுழல்கள் கிளம்பி, கைப்பிடிச் சுவரையொட்டி ஓடும். மூலைகளிலும் ஓரங்களிலும் உறிஞ்சல் நடுமாடியைவிட அதிகம். நிழல் இல்லை, இடம் மிச்சம் என்று மூலையோடு மூலையாகப் பேனலைத் தள்ளிப் போடுவது காற்றின் கணக்கில் ஆக மோசமான தேர்வு.

சாய்வைக் கூட்டினால் லாபமா?

சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. பேனலின் சாய்வு அட்சரேகைக்கு நெருக்கமாக இருந்தால் வருட மொத்தத்தில் நல்ல உற்பத்தி கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை உச்சிக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கே அதிகம் சாய்ந்த பேனல் சூரியனுக்கு முதுகு காட்டத் தொடங்குகிறது. அதனால் 10 டிகிரிக்கும் 13 டிகிரிக்கும் வருட உற்பத்தியில் சொல்லும்படியான வித்தியாசமே கிடையாது. 30 டிகிரி வைத்தால் நஷ்டம்தான்.

காற்றோ ஒவ்வொரு டிகிரிக்கும் கணக்குக் கேட்கிறது. அடிப்பக்கம் திறந்த ஒற்றைச் சரிவுக் கூரைகளுக்கு விதி தரும் தூக்கு விசைக் குணகம் 10 டிகிரியில் 0.9, 20 டிகிரியில் 1.3, 30 டிகிரியில் 1.8. சென்னையின் 1,500 நியூட்டனை இவற்றால் பெருக்கினால் முறையே 1,350, 1,950, 2,700 நியூட்டன். பத்திலிருந்து முப்பதுக்குப் போனால் மின்சாரம் குறைகிறது, தூக்கும் விசை இரட்டிப்பாகிறது.

இந்த எண்களைப் பேனலின் சொந்தத் தாங்குதிறனோடு வைத்துப் பார்க்க வேண்டும். பேனல் விவரத்தாளில் பொதுவாக முன்பக்கம் 5,400 பாஸ்கல், பின்பக்கம் 2,400 பாஸ்கல் என்று போட்டிருக்கும். பாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன்தான். அவை ஆய்வுக்கூடச் சோதனை அளவுகள். அதில் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. நடைமுறையில் பின்பக்கத்துக்கு நம்பத்தக்கது 1,600. பத்து டிகிரியில் 1,350 அந்த எல்லைக்குள் அடங்குகிறது. இருபது டிகிரியில் 1,950 என்பது எல்லையைத் தாண்டிவிடுகிறது. சட்டம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பேனல் தன் ஃபிரேமிலிருந்து பிய்ந்து போகலாம், கண்ணாடி வெடிக்கலாம்.

அப்படியானால் சாய்வே வேண்டாம், படுக்கப் போட்டுவிடலாமே? அதுவும் சரிவராது. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் அலுமினியம் ஃபிரேம் கண்ணாடியைவிட ஒரு மில்லிமீட்டர் போல உயர்ந்திருக்கும். சாய்வு போதாவிட்டால் மழைநீர் அந்த விளிம்பில் தேங்கி, காய்ந்து, சேற்றுக்கோடாகப் படியும். அது கீழ் வரிசைச் செல்களை மறைக்கும். நிமிர்த்தி வைத்த பேனலில் கீழ் வரிசை மறைந்தால் கீழ்ப்பாதி முழுவதும் மின்சாரம் தளர்ந்துபோகும். சென்னை வீட்டுக்குப் பத்து டிகிரி என்பது வெயில், மழை, காற்று மூன்றுக்கும் பொருந்திவரும் அளவு.

ஆறு பேனல், இரண்டு ரெயில், எட்டுக் கால்

இப்போது அந்த ஆறு பேனலையும் பொருத்திப் பார்க்கலாம். பேனலின் அளவு 2,278 மி.மீ. நீளம், 1,134 மி.மீ. அகலம். ஆறையும் நிமிர்த்தி, ஒரே வரிசையாக, கிழக்கு மேற்காக வைத்தால் இடையில் கிளாம்புக்கு 20 மி.மீ. இடைவெளியோடு சேர்த்து 6.9 மீட்டர் நீளம் வரும். பத்து டிகிரியில் பின் ஓரம் முன் ஓரத்தைவிட 40 செ.மீ. உயரமாக இருக்கும். முன் ஓரத்தைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தினால் பின் ஓரம் 70 செ.மீ. உயரத்தில் நிற்கும். அடியில் பெருக்கவும், காற்றோட்டத்தில் பேனல் சூடு தணியவும் இந்த உயரம் போதும்.

வரிசையின் அடியில் இரண்டு ரெயில்கள் நீளவாக்கில் ஓடும். அவற்றை எங்கே வைப்பது என்பதில் தொழிலாளியின் விருப்பத்துக்கு இடமில்லை. பேனல் தயாரிப்பாளர் நீளப் பக்கத்தில் எந்த இடைவெளிக்குள் கிளாம்ப் பிடிக்க வேண்டும் என்று கையேட்டில் படமாகவே போட்டிருப்பார். பெரும்பாலும் அது ஓரத்திலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடையில் வரும். இந்தப் பேனலில் 455 மி.மீ.க்கும் 570 மி.மீ.க்கும் இடையில். இரண்டு ஓரத்திலிருந்தும் 500 மி.மீ. தள்ளி ரெயிலை வைத்தால் சரி. கையில் இருக்கும் முக்கோணச் சட்டம் குட்டையாக இருக்கிறது என்று ரெயில்களை நடுப்பக்கம் நெருக்கினால் பேனலின் இரு முனையும் தொங்கலில் நிற்கும். 2,400 பாஸ்கல் என்ற வாக்குறுதி அந்த நிமிடமே செல்லாததாகிவிடும்.

ரெயில்களைத் தாங்க, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நான்கு முக்கோணச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்கால் ஒன்று, பின்கால் ஒன்று. மொத்தம் எட்டுக் கால். ஏழு மீட்டர் நீளத்துக்கு ஒரே ரெயில் கிடைக்காது, இணைப்புத் துண்டு வைத்துச் சேர்ப்பார்கள். அந்த இணைப்பில் சில மில்லிமீட்டர் விட வேண்டும். ஏழு மீட்டர் அலுமினியம், விடியற்காலைக் குளிருக்கும் மே மாத மத்தியான வெயிலுக்கும் இடையே 40 டிகிரி சூடேறினால் ஆறரை மி.மீ. நீளும். இடம் விடாவிட்டால் அது கிளாம்புகளை நெம்பும்.

ஒரு போல்ட்டில் இரண்டு பேனல்

ரெயில் மேல் பேனலைப் பிடிப்பவை கிளாம்புகள். வரிசையின் இரு கோடியிலும் எண்ட் கிளாம்ப், இரண்டு பேனலுக்கு நடுவில் மிட் கிளாம்ப். மிட் கிளாம்ப் ஒரே போல்ட்டில் இரு பக்கத்துப் பேனல்களையும் அழுத்திப் பிடிக்கிறது. ஒவ்வொரு பேனலின் ஃபிரேமிலும் அது சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் கவ்வியிருக்கும்.

பேனலை மேலே தூக்கும் 350 கிலோவில் அதன் எடை போக 320 கிலோ மிச்சம். அது நான்கு பிடிகளுக்குப் பங்கிட்டால் தலா 80 கிலோ. மிட் கிளாம்ப் இரண்டு பேனலையும் பிடிப்பதால் அதன் பங்கு 160. எட்டு மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும் என்பதால் போல்ட் அறுவது அபூர்வம். பிடி நழுவுவதுதான் நடக்கிறது.

2017இல் இர்மா, மரியா என்ற இரண்டு சூறாவளிகள் கரீபியன் தீவுகளைச் சூறையாடிய பிறகு, அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் இன்ஸ்டிடியூட் பொறியாளர்களை அனுப்பி, எந்தச் சோலார் நிலையம் ஏன் பிழைத்தது, எது ஏன் சிதறியது என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சிதறியவற்றில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட குறைகளில் ஒன்று, இரண்டு பேனலுக்குப் பொதுவான கிளாம்ப். ஒரு பேனல் பறந்துபோனதும் மிட் கிளாம்ப்பின் ஒரு பக்கம் காலியாகிறது. கிளாம்ப் சாய்கிறது, அடுத்த பேனலின் பிடியும் போகிறது. பிறகு அதற்கு அடுத்தது. ஒரு போல்ட் தளர்ந்ததில் ஒரு வரிசையே போய்விடுகிறது. அதிர்வில் தளராத நட்டுகள் இல்லாததும் அறிக்கை சுட்டிய இன்னொரு குறை. பேனல் ஃபிரேமில் உள்ள துளை வழியாக நேரடியாகப் போல்ட் போட்ட அமைப்புகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன.

கடலோர வீட்டுக்காரருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. பேனல் ஃபிரேமின் அடியில் தயாரிப்பாளரே துளை போட்டு அனுப்புகிறார். ரெயில் அந்தத் துளைக்கு நேராக வந்தால் கிளாம்போடு கூட, அல்லது கிளாம்புக்குப் பதிலாக, நான்கு போல்ட் போட்டுவிடலாம். வேலை கொஞ்சம் கூடும். ஒரு பேனலைப் பிறகு கழற்றுவதும் சிரமம். ஆனால் ஒன்று போனால் அடுத்ததும் போகும் அபாயம் இல்லை.

கிளாம்ப்தான் என்றால், முறுக்கும் அளவு சரியாக இருக்க வேண்டும். எட்டு மி.மீ. கிளாம்ப் போல்ட்டுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 12 முதல் 16 நியூட்டன் மீட்டர் முறுக்கு கேட்கிறார்கள். 15 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ விசை கொடுத்தால் 15 நியூட்டன் மீட்டர். இதைக் கைப்பழக்கத்தில் பிடிப்பது கடினம், டார்க் ரெஞ்ச் வேண்டும். குறைந்தால் காற்றின் அதிர்வில் தளரும். கூடினால் ஃபிரேம் நெளியும். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அப்போது முறுக்கு ஏறியதுபோல் தெரியும், பிடி ஏறியிருக்காது.

எண்ட் கிளாம்பில் நடக்கும் தவறு வேறு. பேனல் ஃபிரேம் 30, 35, 40 மி.மீ. என்று பல கனத்தில் வருகிறது. 35 மி.மீ. பேனலுக்கு 40 மி.மீ. கிளாம்பைப் போட்டால் அது நேராக உட்காராமல் சாய்ந்து நிற்கும், விளிம்பில் மட்டும் தொடும். கீழே நின்று பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும். வரிசையின் ஓரத்தில் காற்றின் உறிஞ்சல் அதிகம் என்பதால் சிதறலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

65 கிலோ கட்டையின் கணக்கு

இனி காலுக்கு வரலாம். ஆறு பேனலின் பரப்பு 15.5 சதுர மீட்டர். பத்து டிகிரிச் சாய்வில் மொத்தத் தூக்கு விசை ஏறத்தாழ 2,130 கிலோ. பேனல், சட்டம் இரண்டின் எடையான 270 கிலோ போனால் 1,860. எட்டுக் காலுக்கும் சமமாகப் பங்கிட்டால் தலா 230 கிலோ. நடுவில் இருக்கும் சட்டங்களின் பின்காலுக்கு இதைவிடக் கூடுதலாக வரும்.

மாடிகளில் பரவலாகக் காணப்படுவது ஒரு அடி நீள, அகல, உயரமுள்ள கான்கிரீட் கட்டை. அதன் எடை 65 கிலோ. பொருத்த வந்தவர் அதைக் காலால் எத்திக் காட்டி, "பாருங்க சார், அசையவே இல்லை" என்பார். உண்மைதான், பக்கவாட்டில் அசையாது. எட்டுக் கட்டைகள் சேர்ந்து 520 கிலோ. காற்று தூக்கக் கேட்பதோ 1,860. வெறும் எடையாலேயே பிடிக்க வேண்டுமென்றால், ஒன்றரை மடங்கு பாதுகாப்பும் சேர்த்து, ஒவ்வொரு கட்டையும் 365 கிலோ இருக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒன்றே முக்கால் அடி. மொத்தம் மூன்று டன் கான்கிரீட். இப்போதுதான் "தளம் தாங்குமா?" என்ற கேள்விக்கு அர்த்தம் வருகிறது. 16 சதுர மீட்டரில் அத்தனை சுமை, விதி சொல்லும் 150 கிலோவைத் தாண்டிவிடும்.

இது வீட்டுக்காரர் புரிந்துகொள்வதற்கான தோராயக் கணக்கு. சுற்றிலும் கட்டடங்கள் நெருங்கியிருந்தால் பொறியாளர் காற்றைக் குறைத்துக்கொள்வார். கடற்கரையை ஒட்டிய வீடு, ஐந்தாம் மாடி, ஓரப் பேனல் என்றால் கூட்டுவார். எப்படிக் குறைத்தாலும் 520 கிலோ கணக்குக்குள் வராது.

வழி, காலைத் தளத்தோடு இணைப்பதுதான். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அந்த எடையையே பேனலைப் பிடிக்கும் எடையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். புதிதாக ஒரு டன்கூட ஏற்ற வேண்டியதில்லை.

இங்கே சென்னை வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மாடியில் கண்ணுக்குத் தெரிவது தட்டோடு. அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுர்க்கி, மூன்று நான்கு அங்குலக் கனத்தில். அதற்கும் கீழேதான் உண்மையான கான்கிரீட் தளம். தட்டோட்டின் மேலிருந்தே நான்கு அங்குல ஆங்கர் போல்ட்டை அடித்து இறக்கினால் அது முழுக்கச் சுர்க்கிக்குள்ளேயே நின்றுவிடும். சுர்க்கி வெயிலையும் நீரையும் தடுக்கப் போட்டது, இழுவையைத் தாங்கும் வலு அதற்கில்லை. போதாக்குறைக்கு, அந்தத் துளை வழியாக இறங்கும் தண்ணீர் அடுத்த மழைக்கு வீட்டின் கூரையில் ஈரத்திட்டாகத் தெரியும்.

சரியான முறையில் வேலை இப்படி நடக்கும். முதலில் வீட்டுக்குள் நின்று பீம்கள் எங்கே ஓடுகின்றன என்று அளந்து, மேலே குறித்துக்கொள்வார்கள். முடிந்தவரை கால்கள் பீமின் மேல் வரவேண்டும். தளத்துக்குள் மின்கம்பிக் குழாய்கள் ஓடும் என்பதால் மின்விசிறிக் கொக்கிகளும் விளக்குப் புள்ளிகளும் இருக்கும் கோட்டைத் தவிர்ப்பார்கள். காலுக்குரிய இடத்தில் ஒரு அடிச் சதுரத்துக்குத் தட்டோட்டை வெட்டியெடுத்து, சுர்க்கியைக் கான்கிரீட் தெரியும் வரை கொத்தி அகற்றுவார்கள். 12 மி.மீ. கம்பிக்கு 14 மி.மீ. துளை. தளத்தின் கனம் ஐந்து அங்குலம்தான் என்பதால் ஆழம் மூன்றேகால் அங்குலத்தைத் தாண்டாது. பீம் மேல் என்றால் இன்னும் இறக்கலாம்.

துளையைச் சுத்தம் செய்வதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். துளைக்குள் காற்றை அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி காற்றடித்துத் தூசியை முழுவதும் வெளியேற்ற வேண்டும். தூசி இருந்தால் ஆங்கர் பசை கான்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். பசை நிரப்பிக் கம்பியைச் செருகி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை தொடாமல் விட வேண்டும். பிறகு அந்தக் கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் கட்டை வார்த்து, அடியோரத்தில் சரிவாகப் பூசி, நீர்க்காப்புப் பூச்சு கொடுப்பார்கள். கடைசியாக அந்த இடத்தைச் சுற்றி வரப்பு கட்டி இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, வீட்டுக்குள் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சட்டத்தை ஏற்ற வேண்டும். கைப்பிடிச் சுவரில் காலை இணைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் இந்த இழுப்புக்குக் கட்டப்பட்டதல்ல.

துணி காயப்போட, வடாம் பிழிய இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் பந்தல்போல் சோலார் போடுகிறவர்கள் நிறைய. பேனலைத் தூக்கும் விசையில் ஒரு பங்கு பக்கவாட்டிலும் தள்ளும். பத்து டிகிரியில் அது 370 கிலோ அளவுக்கு வரும். குட்டைக் காலில் அது பெரிய விஷயமில்லை. எட்டடித் தூணின் உச்சியில் அந்த விசை விழும்போது, தூணின் அடியைப் பிடுங்கும் நெம்பாக மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட தூண்கள் கட்டடத் தூண்களின் மேலேயே நிற்க வேண்டும். தூணுக்குத் தூண் குறுக்குச் சட்டம் வேண்டும். கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

உப்புக் காற்று செய்யும் வேலை

பொருத்திய நாளில் எல்லாச் சட்டமும் பளபளவென்றுதான் இருக்கும். ஐந்தாம் வருடத்தில்தான் வித்தியாசம் தெரியும். துத்தநாகக் குளியலில் முக்கியெடுத்த இரும்புக்குச் சோலார் ஒப்பந்தங்களில் குறைந்தது 80 மைக்ரான் பூச்சு கேட்பது வழக்கம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும், முன்பே பூச்சிட்ட தகட்டை வளைத்துச் செய்த சட்டத்தில் பக்கத்துக்கு 20 மைக்ரான் இருந்தாலே அதிகம். இரண்டையும் "ஜி.ஐ." என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவியைச் சட்டத்தின் மேல் வைத்தால் நொடியில் உண்மை தெரிந்துவிடும். மாடியில் வைத்து அறுத்த முனைகளிலும் புதிதாகப் போட்ட துளைகளிலும் துத்தநாகம் இருக்காது. அங்கே துத்தநாகப் பெயின்ட் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்தே தொடங்கும். அலுமினியம் ரெயிலும் இரும்புச் சட்டமும் தொடும் இடத்தில் ரப்பர் அட்டை வைக்க வேண்டும். உப்பு ஈரத்தில் அந்த இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று அரிக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

2024இல் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. விலைப்பட்டியலில் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நிறுவனப் பெயர், வாட், உத்தரவாத வருடம் எல்லாம் இருக்கும். சட்டத்துக்கு மட்டும் "மவுண்டிங் ஸ்ட்ரக்சர்" என்று ஒரே வரி. விலை பேசும்போது முதலில் இளைப்பதும் அந்த வரிதான். அந்த ஒரு வரியை விரித்து எழுதிக் கேட்க வேண்டும்: எத்தனை கி.மீ. காற்றுக்குக் கணக்கிட்டது, எத்தனை டிகிரிச் சாய்வு, பூச்சு எத்தனை மைக்ரான், ஆங்கர் கான்கிரீட்டுக்குள் எத்தனை அங்குலம், கிளாம்ப் முறுக்கு எவ்வளவு. ஆங்கர் போடும் நாளன்று வீட்டுக்காரர் மாடியில் நிற்பது நல்லது. கட்டை வார்த்துவிட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் பார்க்க முடியாது.

முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் கிளாம்ப் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும், ஸ்பேனரே தேவைப்படாது. ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒருமுறை மாடிக்குப் போய் அந்தக் கோடுகளைப் பாருங்கள். பேனல்களுக்கு இடையே உள்ள 20 மி.மீ. இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கிறதா, கட்டையின் அடியோரத்தில் விரிசல் உண்டா, துருக்கறை வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றடிக்கும்போது மாடியில் கடகடவென்று சத்தம் கேட்டால் அடுத்த புயல் வரை காத்திருக்காமல், மறுநாளே ஆளைக் கூப்பிட்டு எல்லாக் கிளாம்பையும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்கச் சொல்லுங்கள்.